கிளவுட் வாடகையா, சொந்த சர்வரா? போடிமெட்டு சாலையில் ஒரு சிறு நிறுவனத்தின் 5 ஆண்டுக் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அப்படியே பூப்பாறை, சாந்தன்பாறை என்று போனால் வழியெங்கும் ஏலக்காய்த் தோட்டங்கள். தோட்டம் மேலே இருக்க, வியாபாரம் பெரும்பாலும் கீழே போடியில் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. அதனால் இங்கே பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்துக்குக்கூட மேலே ஒரு அலுவலகமும் கீழே ஒரு அலுவலகமும் இருப்பது சகஜம். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு, ஒரே சரக்கிருப்பு தெரிய வேண்டும் என்றால் ஒரு சர்வர் வேண்டும்.

அந்த சர்வரை வாங்குவதா, மாத வாடகைக்கு கிளவுடில் எடுப்பதா? இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வந்திருக்கலாம். "வாடகை கொடுத்தே அழியணுமா, ஒரேயடியா வாங்கிப் போடு" என்பார் ஒருவர். "இப்போ யாராவது சர்வர் வாங்குவாங்களா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் கணக்கு இல்லை. கணக்கு எப்படிப் போடுவது என்று ஒரு மாதிரி நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

முதலில், நிகழ்கால மதிப்பு என்றால் என்ன?

இன்று கையில் இருக்கும் 100 ரூபாயும், 5 ஆண்டு கழித்துக் கொடுக்கவேண்டிய 100 ரூபாயும் ஒன்றல்ல. பின்னால் கொடுப்பது என்றால், அதுவரை அந்தப் பணம் உங்கள் தொழிலில் சுழலும், அல்லது அந்த அளவுக்குக் கடன் வட்டி மிச்சமாகும். உங்கள் நிறுவனத்துக்குப் பணத்தின் விலை ஆண்டுக்கு 12% என்றால், 5 ஆண்டு கழித்துக் கொடுக்கும் 100 ரூபாயின் இன்றைய எடை 56 ரூபாய் 74 காசுதான். 100-ஐ 1.12-ஆல் ஐந்து முறை வகுத்தால் இது வரும்.

இந்த 12%-க்குப் பெயர் கழிவு வீதம். இதை எங்கிருந்து எடுப்பது? வங்கியில் நடைமுறை மூலதனக் கடனுக்கோ ஓவர்டிராஃப்டுக்கோ நீங்கள் உண்மையில் கட்டும் வட்டியிலிருந்து எடுங்கள். ஏலக்காய் வியாபாரத்தில் சீசனில் சரக்கு வாங்கக் காசு தேவைப்படும். சர்வரில் முடங்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த ஓவர்டிராஃப்டைக் கூட்டுகிறது. அதனால் சேமிப்புக் கணக்கு வட்டியை இங்கே வைப்பது தவறு.

மாதிரி நிறுவனத்தின் கணக்கு

12 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். கணக்கு, சரக்கிருப்பு, பில் எல்லாம் ஒரே மென்பொருளில். ஜிஎஸ்டி இரண்டு வழியிலும் 18% வரும். உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்கும் நிறுவனம் என்று வைத்துக்கொண்டு அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவோம். அலுவலக இணைய இணைப்பு எப்படியும் வேண்டும், அதனால் அதையும் சேர்க்க வேண்டாம்.

முதல் வழி கிளவுட். சர்வர், சேமிப்பிடம், பேக்கப் எல்லாம் சேர்த்து மாதம் ₹22,000. அதைக் கவனிக்கும் ஆளுக்கு மாதம் ₹2,500. கிளவுட் என்றால் ஆளே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பயனர் அனுமதி, அப்டேட், பில் சரிபார்ப்பு எல்லாம் யாரோ ஒருவர் செய்தே ஆகவேண்டும். மொத்தம் ஆண்டுக்கு ₹2,94,000.

இரண்டாவது வழி சொந்த சர்வர். முதல் நாளே கையை விட்டுப் போவது ₹5,50,000. இதில் சர்வர் ₹4,00,000, யுபிஎஸ் ₹60,000, ஃபயர்வாலும் பேக்கப் சேமிப்புப் பெட்டியும் சேர்ந்து ₹90,000.

அதற்குப் பிறகு ஆண்டுச் செலவுகள். சர்வர் 250 வாட், யுபிஎஸ் இழப்பும் குளிரூட்டலும் 100 வாட் என்று வைத்தால், நாள் முழுக்க, ஆண்டு முழுக்க ஓடும்போது 3,066 யூனிட். யூனிட் ₹10 என்றால் ஏறத்தாழ ₹31,000. வெளியிலிருந்து சர்வரை அடைய நிலையான ஐபி முகவரிக்கும் கூடுதல் வேகத்துக்கும் ₹18,000. அலுவலகத்துக்கு வெளியே ஒரு பேக்கப் நகலுக்கு ₹12,000. பகுதி நேர சிஸ்டம் நிர்வாகிக்கு மாதம் ₹8,000 வீதம் ₹96,000. கூட்டினால் ஆண்டுக்கு ₹1,57,000.

இன்னும் மூன்று உருப்படிகள் உண்டு. 3-ஆம் ஆண்டு முடிவில் யுபிஎஸ் பேட்டரி மாற்ற ₹30,000. வாரன்டி 3 ஆண்டில் முடிவதால், 4, 5-ஆம் ஆண்டுகளில் பராமரிப்பு ஒப்பந்தம் தலா ₹40,000. கடைசியில் பழைய சர்வரை விற்றால் ₹40,000 திரும்பி வரும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

| | கிளவுட் | சொந்த சர்வர் |
|---|---|---|
| இன்று | 0 | ₹5,50,000 |
| 1-ஆம் ஆண்டு | ₹2,94,000 | ₹1,57,000 |
| 2-ஆம் ஆண்டு | ₹2,94,000 | ₹1,57,000 |
| 3-ஆம் ஆண்டு | ₹2,94,000 | ₹1,87,000 |
| 4-ஆம் ஆண்டு | ₹2,94,000 | ₹1,97,000 |
| 5-ஆம் ஆண்டு | ₹2,94,000 | ₹1,57,000 |
| சும்மா கூட்டினால் | ₹14.70 லட்சம் | ₹14.05 லட்சம் |
| 12%-ல் நிகழ்கால மதிப்பு | ₹10.60 லட்சம் | ₹11.63 லட்சம் |

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். சும்மா கூட்டினால் சொந்த சர்வர் ₹65,000 மலிவு. நிகழ்கால மதிப்பில் பார்த்தால் கிளவுட் ஏறத்தாழ ₹1.03 லட்சம் மலிவு. செலவுகள் மாறவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது. சொந்த சர்வரில் பெரிய தொகை முதல் நாளே போகிறது, கிளவுடில் செலவு தள்ளித் தள்ளி வருகிறது. அதுதான் காரணம்.

இதையே வேறு மாதிரியும் கேட்கலாம். ₹5.5 லட்சத்தை சர்வரில் போடுவது ஒரு முதலீடு என்றால், ஆண்டுதோறும் மிச்சமாகும் கிளவுட் வாடகைதான் அதன் வருமானம். அந்த முதலீடு தரும் வட்டி எவ்வளவு? இந்தக் கணக்கில் 4%-க்குச் சற்றுக் குறைவு. 12% வட்டிக்குக் கடன் வாங்கி, 4% தரும் இடத்தில் போடுவீர்களா?

ஒரு சிறு விளக்கம். ஆண்டுச் செலவு முழுவதும் ஆண்டு முடிவில் வருவதாக இங்கே வைத்திருக்கிறோம். உண்மையில் மாதாமாதம் கட்டுவோம். அப்படிக் கணக்கிட்டால் இடைவெளி சுமார் ₹75,000 ஆகக் குறையும், ஆனால் கிளவுட்தான் முன்னால் நிற்கும்.

வருமான வரியைச் சேர்த்தால்?

"சர்வர் வாங்கினால் தேய்மானம் காட்டலாமே" என்று ஆடிட்டர் சொல்வார். சரிதான். கணினிகளுக்கு ஆண்டுக்கு 40% தேய்மானம், குறைந்துவரும் மதிப்பின் மேல். அதே சமயம் கிளவுட் வாடகை அந்தந்த ஆண்டிலேயே முழுச் செலவாகக் கழிகிறது. 25.17% வரி கட்டும் ஒரு கம்பெனிக்கு, ₹5.5 லட்சம் முழுவதற்கும் 40% தேய்மானம் என்று வைத்து, இரண்டு வழிக்கும் வரிச் சலுகையைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி ஏறத்தாழ ₹1.08 லட்சம். அதாவது வரி இந்த முடிவை அசைக்கவில்லை. ஆண்டின் பிற்பாதியில் வாங்கி, 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் முதல் ஆண்டில் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே கணக்கு தவறுகிறது?

பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஆள் கூலி. "நம்ம பையன் பார்த்துப்பான்" என்று நிர்வாகியின் ₹96,000-ஐ விட்டுவிட்டால், சொந்த சர்வரின் நிகழ்கால மதிப்பு ₹11.63 லட்சத்திலிருந்து ₹8.17 லட்சமாக இறங்கிவிடும். உடனே சர்வர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் போலத் தெரியும். அந்தப் பையன் உங்கள் கணக்கர் என்றால், சர்வரோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் பில் போடாத மணி நேரம். சம்பளப் பட்டியலில் தெரியாவிட்டாலும் அது செலவுதான். தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. ஒரு மாதம் அவர் சர்வர் வேலைக்குச் செலவிட்ட நேரத்தைக் குறித்து வைத்து, மணிக்கூலியால் பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு தவறு எக்செல் ஷீட்டில் நடக்கும். மேலே உள்ள அட்டவணையை வரிசையாக, A-யில் இன்றைய தொகை, B முதல் F வரை ஐந்து ஆண்டுகள் என்று போட்டால், சரியான சூத்திரம் இது:

```
=A2+NPV(12%,B2:F2)
```

பலர் A2-வையும் உள்ளே தள்ளி `=NPV(12%,A2:F2)` என்று எழுதிவிடுவார்கள். NPV தனக்குக் கொடுத்த முதல் தொகையை ஓர் ஆண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது சொந்த சர்வரின் ₹11.63 லட்சம் ₹10.38 லட்சமாகச் சுருங்கும். கிளவுட் வரிசையில் A-வைக் காலியாக விட்டிருந்தால், எக்செல் அந்தக் காலி அறையைத் தாண்டிப் போய்விடும், அதனால் ₹10.60 லட்சம் அப்படியே இருக்கும். விளைவு? சர்வர் ஜெயித்துவிடும். உங்கள் ஷீட்டில் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க, கழிவு வீதத்தை 0% ஆக்கி, பிறகு 12% ஆக்குங்கள். A-யில் ₹5.5 லட்சமும் B முதல் F வரை 0-வும் இருக்கும் வரிசை இரண்டிலும் ₹5.5 லட்சமாகவே நிற்க வேண்டும். குறைந்தால் சூத்திரம் தவறு.

கிளவுட் பில் ஏறினால்?

இதுவரை ₹22,000 ஐந்து ஆண்டும் அப்படியே இருக்கும் என்று வைத்தோம். அப்படி இருப்பது அபூர்வம். பழைய பில்கள், சரக்குப் படங்கள், பேக்கப் நகல்கள் சேரச் சேரச் சேமிப்பிடக் கட்டணம் ஏறும். சர்வதேச நிறுவனங்களின் விலைப்பட்டியல் பெரும்பாலும் டாலரில் இருப்பதால், ரூபாய் மதிப்பு இறங்கினாலும் பில் ஏறும். நீங்கள் எதையுமே மாற்றாமல் புதுக் கட்டணம் முளைக்கவும் செய்யும். 2024 பிப்ரவரி முதல் அமேசானின் ஏடபிள்யூஎஸ், பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்கத் தொடங்கியது. ஒரு முகவரிக்கு மாதம் சுமார் 3.65 டாலர். சிறு தொகைதான், ஆனால் முன்பு ஓடும் சர்வரோடு சும்மா வந்தது.

நம் மாதிரி நிறுவனத்தின் ₹22,000 ஆண்டுக்கு 10% ஏறினால், கிளவுடின் நிகழ்கால மதிப்பு ₹12.45 லட்சம் ஆகிவிடும். அப்போது சொந்த சர்வர் ₹83,000 அளவுக்கு மலிவு. இரண்டும் சமமாகும் புள்ளி ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 6% ஏற்றம். எனவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி குறுகிவிடுகிறது: உங்கள் கிளவுட் பில் ஆண்டுக்கு 6%-க்கு மேல் ஏறுமா, ஏறாதா? ஏற்கெனவே கிளவுடில் இருந்தால், கடந்த 24 மாத பில்லை எடுத்து வரிசையாக வையுங்கள். பதில் அதில் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. கிளவுடைச் சுருக்க முடியும், வாங்கிய சர்வரைச் சுருக்க முடியாது. ஏலக்காய்க்குச் சீசன் உண்டு, ஆண்டின் சில மாதங்களில் வேலை பாதியாகக் குறையும். ₹22,000-ல் கணினிக்கான பங்கு ₹14,000 என்றும், 5 மாதம் அதைப் பாதி அளவுக்கு இறக்குகிறீர்கள் என்றும் வைத்தால் ஆண்டுக்கு ₹35,000 மிச்சம். ஐந்தாண்டு நிகழ்கால மதிப்பில் அது ₹1.26 லட்சம். ஆனால் இது தானாக நடக்காது. சீசன் முடிந்ததும் யாராவது உட்கார்ந்து இறக்க வேண்டும். இறக்காத நிறுவனத்துக்கு இந்த மிச்சம் காகிதத்தில் மட்டும்தான்.

மலைக்கென்று ஒரு கணக்கு

போடிமெட்டு மாதிரி இடத்தில் இரண்டு வழிக்கும் தனித்தனி ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவில் சாலை அடைபட்டால், கீழிருந்து சர்வீஸ் ஆள் மேலே வர முடியாது. வாரன்டி தாளில் 'அடுத்த வேலை நாள்' என்று இருந்தாலும், உங்கள் பின்கோடுக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடி மின்னலில் யுபிஎஸ் மட்டும் போதாது, எர்த்திங்கும் சர்ஜ் பாதுகாப்பும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே சொந்த சர்வர்தான் என்று முடிவானால், அதை மேலே வைக்காமல் போடி அலுவலகத்தில் வைப்பதே நல்லது.

கிளவுடுக்கு வேறு ஆபத்து. ஃபைபர் அறுந்தால் சர்வர் நன்றாக ஓடும், ஆனால் உங்களால் அதைத் தொட முடியாது. சொந்த சர்வர் இருக்கும் அலுவலகத்தில் இணையம் போனாலும் உள்ளே பில் போடலாம். மற்ற அலுவலகம்தான் துண்டிக்கப்படும்.

இதையும் பணமாக மாற்றலாம். ஒரு நாள் வேலை நின்றால் எவ்வளவு இழப்பு, ஆண்டுக்கு எத்தனை நாள் நிற்கும், இரண்டையும் பெருக்கி அந்த ஆண்டுச் செலவில் சேருங்கள். ஒரு நாள் இழப்பு ₹20,000, சொந்த சர்வர் கிளவுடைவிட ஆண்டுக்கு 1 நாள் கூடுதலாக நிற்கும் என்றால், ஐந்தாண்டில் ₹72,000 நிகழ்கால மதிப்பு கூடும். கிளவுட்தான் கூடுதலாக நிற்கும் என்றால் அதே தொகை அந்தப் பக்கம் சேரும். மாதம் சில நூறு ரூபாயில் வேறு நிறுவனத்தின் 4ஜி இணைப்பைத் தயாராக வைத்தால் கிளவுடின் ஆபத்து பெருமளவு குறையும். சர்வர் மதர்போர்டு போனால் அப்படி மலிவான மாற்று இல்லை.

பெரிய நிறுவனங்கள் கிளவுடை விட்டு வெளியேறுகின்றனவே?

பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் 2022-ல் கிளவுடிலிருந்து வெளியேறப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு அதன் கிளவுட் செலவு 32 லட்சம் டாலர். சுமார் 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர்கள் வாங்கி மாற்றியது. 2024-ல் ஆண்டுச் செலவு 13 லட்சம் டாலராகக் குறைந்துவிட்டது என்று அதன் இணை உரிமையாளர் டேவிட் ஹைனமையர் ஹான்சன் எழுதினார். போட்ட பணம் அரை ஆண்டுக்குள் திரும்பி வந்துவிடும் கணக்கு அது. அவ்வளவு வேகமாகப் பணம் திரும்பினால் 12% கழிவு வீதம் வைத்தாலும் 20% வைத்தாலும் முடிவு மாறாது. நம்மூர் ஜோஹோவும் தன் சேவைகளைச் சொந்த டேட்டா சென்டர்களிலிருந்துதான் நடத்துகிறது.

ஆனால் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 37சிக்னல்ஸிடம் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழு ஏற்கெனவே இருந்தது. வெளியேறியபோது அதற்காக ஆளைக் கூட்டவில்லை. கிளவுட் பில் கோடிக்கணக்கில் இருக்கும்போது ஒரு நிர்வாகியின் சம்பளம் அதில் கரைந்துவிடும். மாதம் ₹22,000 பில்லில், மாதம் ₹8,000 சம்பளம் என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அளவு மாறினால் பதிலும் மாறும்.

அப்படியானால் உங்களுக்கு எது?

இந்த உதாரணத்தில், பில் ஏறாமல் இருக்கும் 12 பேர் நிறுவனத்துக்கு கிளவுட். பில் ஆண்டுக்கு 6%-க்கு மேல் ஏறும் என்றாலோ, வேறு வேலைக்காக ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஒரு நிர்வாகிக்கு உண்மையிலேயே நேரம் மிச்சம் இருந்தாலோ சொந்த சர்வர். சர்வரை 5-க்குப் பதில் 7 ஆண்டு ஓட்டினால் இன்னும் மலிவாகுமே என்று தோன்றலாம். ஆகும். ஆனால் அப்போது பராமரிப்பு ஒப்பந்தம், ஹார்டு டிஸ்க் மாற்றம், பழைய மென்பொருளுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது எல்லாவற்றையும் 6, 7-ஆம் ஆண்டு வரிசையில் எழுத வேண்டும்.

முதலாளியிடம் கொண்டுபோகும் முன் ஷீட்டில் மூன்று எண்களை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள்: கழிவு வீதம், கிளவுட் பில்லின் ஆண்டு ஏற்றம், நிர்வாகியின் மாதக் கூலி. மூன்றையும் கொஞ்சம் அசைத்தும் ஒரே வழி ஜெயித்தால் தைரியமாக முடிவெடுக்கலாம். சின்ன அசைவுக்கே முடிவு புரண்டால், பணக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்று அர்த்தம். அந்த நிலையில் 5 ஆண்டுக்குக் கட்டிப்போடாத வழியை எடுங்கள். ஓர் ஆண்டு கிளவுடில் ஓட்டினால் உங்கள் உண்மையான பில் ஏற்றம் தெரிந்துவிடும், சர்வரை அதற்குப் பிறகும் வாங்கலாம். வாங்கிய சர்வரைத் திருப்பிக் கொடுத்தால் ₹5.5 லட்சம் யாரும் தரமாட்டார்கள்.